பெரியப்பாவோட பென்சில் படத்த ஆயர் ஈத்தாம் தெருவுல நிறுத்தி வச்ச கதை

அத்தைக்கு பினாங்கு ஆயர் ஈத்தாம்ல ஒரு காலி இடம் இருக்கு, ரெண்டு பழைய கடைவீட்டுக்கு நடுவுல இருபதடி அகலம், முன்னாடி இருந்த வீடு இடிஞ்சு ரொம்ப வருஷமா புல்லு மண்டிக் கிடக்குது. அங்க கீழ பலகாரக் கடை, மேல வீடுன்னு கட்டணும்னு அவங்களுக்கு ஆசை. பெரியப்பா முப்பது வருஷம் கையால பிளான் வரைஞ்ச ஆளு, அவருதான் ஏ3 தாளுல பென்சில்ல ஒரு படம் போட்டுக் குடுத்தாரு. ரெண்டு மாடி, முன்னாடி அஞ்சடி, அதாவது கடை வாசல்ல ஆளுங்க நடந்து போற கூரை போட்ட நடைபாதை, அந்த அஞ்சடிக்கு மேல வளைவு, மாடியில மூணு ஜன்னல், ஒவ்வொண்ணுக்கும் மரச்சட்டம் போட்ட ரெண்டு கதவு. அத்தை அதைப் பார்த்துட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா என் இடத்துல நின்னா எப்படி இருக்கும்னு தெரியலயே" அப்படின்னாங்க. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் உக்காந்தேன், ரெண்டு வார இறுதி போச்சு, என்ன பண்ணேன்னு இங்க எழுதி வைக்கிறேன்.

நான் பயன்படுத்துனது வார்த்தையக் குடுத்தா படம் வரைஞ்சு தர்ற Stable Diffusion 1.5ங்கிற மாடல், கூட ControlNet. ControlNet 2023ல வந்தது, வெறும் வார்த்தைய மட்டும் நம்பாம ஒரு படத்தையே வழிகாட்டியா குடுத்து "கோடு இங்க இருக்கணும், ரோட் இங்க வரணும்"னு மாடல கட்டிப் போடுறதுக்கான வழி. இதைவிடப் புது மாடல் எவ்வளவோ இருக்கு, ஆனா 1.5க்கு கோட்டு வழிகாட்டியும் கலர் வழிகாட்டியும் ரெண்டுமே நல்லா பழகினது, என்கிட்ட இருக்குற 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டுக்கும் அது லேசு.

முதல்ல ஒண்ண சொல்லிடுறேன், நிறைய பேரு கட்டடத்த அழகா எடுக்குறதுலயே நேரத்தப் போடுறாங்க, ஆனா படம் நிஜமா தெரியுதா இல்லையான்னு முடிவு பண்றது கண்மட்டக் கோடுதான். அதாவது பார்க்குறவன் கண்ணு எவ்வளவு உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல படத்துக்குக் குறுக்கே ஓடுற கோடு. கட்டடம் ஒரு கண்மட்டத்துலயும் தெரு வேற கண்மட்டத்துலயும் இருந்துச்சுன்னா கலர், வெளிச்சம், நிழல் எல்லாம் எவ்வளவு சரியா இருந்தாலும் கட்டடம் தெருவுல ஒட்டாது, வெட்டி ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி வழுக்கிட்டு நிக்கும். பார்க்குறவங்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, "என்னமோ மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

எனக்கும் அதான் நடந்துச்சு. நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்னு போன்ல ஒரு போட்டோ எடுத்தேன், போன் என் கண்ணுக்கு நேரா, சுமார் அஞ்சடி உயரம். பெரியப்பா படத்துல ஸ்கேல் வச்சு மாடிக் கோட்டையும் கீழ படிக்கட்டுக் கோட்டையும் நீட்டிப் பார்த்தா ரெண்டும் சேர்ற இடம் தரையிலேர்ந்து பத்தடி உயரத்துல வருது. போன் போட்டு கேட்டேன். "ஆமாப்பா, பத்தடியிலதான் போடுவோம், அப்பதான் அஞ்சடித் தரையும் ரோட்டும் கொஞ்சம் விரிஞ்சு தெரியும், கட்டுறவனுக்கு லோங்காங் எங்க இருக்குன்னு காட்டணும்ல" அப்படின்னாரு. சரி, அவரு படத்த மாத்துறத விட என் போட்டோவ மாத்துறது சுலபம். எதிர்க் கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு அவரோட மாடிப்படியில ஏறி, போன் பத்தடிக்கு வர்ற படியில நின்னு திரும்ப எடுத்தேன். உயரத்த டேப் வச்சு அளந்துதான் நின்னேன், கண் மதிப்புல விடல.

இதுல ஒரு நல்ல வசதி இருக்கு. கண்மட்டம் பத்தடின்னு தெரிஞ்சுட்டா, சமதரையில எந்த இடத்துல ஒரு பொருள் நின்னாலும் அதோட காலடியிலேர்ந்து கண்மட்டக் கோடு வரைக்கும் உள்ள தூரம்தான் அந்த இடத்துல பத்தடி. கிட்ட நின்னாலும் தூர நின்னாலும் இதான் கணக்கு. என் கேன்வாஸ் 1536 x 1024. கண்மட்டக் கோட்ட மேலேர்ந்து 560ல வச்சேன், கட்டடத்தோட முன் அடி 800ல வந்துச்சு. நடுவுல 240 பிக்சல், அது பத்தடி, அப்ப ஒரு அடிக்கு 24 பிக்சல். கட்டடம் 26 அடி உயரம்னா 624 பிக்சல், உச்சி 176ல வரணும். பெரியப்பா படத்த ஸ்கேன் பண்ணி இந்த அளவுக்கு இழுத்து வச்சேன், பக்கத்து கடைவீட்டோட கூரை விளிம்பும் நம்ம கூரை விளிம்பும் நிஜத்துல என்ன வித்தியாசத்துல வருமோ அதே வித்தியாசத்துல வந்து நின்னுச்சு. பின்னாடி மாடல் ஆளுங்களயும் காடியயும் தானா போடும்போதும் இதே கணக்க வச்சுத்தான் பிடிச்சேன், சாதாரண காடி ஏறத்தாழ அஞ்சடி உயரம்தான், அப்ப அதோட கூரை டயருக்கும் கண்மட்டத்துக்கும் சரிபாதியில நிக்கணும். ஒரு ரன்ல காடிக் கூரை முக்கால்வாசி தொட்டுச்சு, அதுக்குப் பக்கத்துல நம்ம கட்டடம் பொம்மை வீடாட்டம் ஆயிடுச்சு.

அடுத்தது ஸ்கெட்ச்ச சுத்தம் பண்றது. பெரியப்பா வழிக்கோடு போட்டுத்தான் வரைவாரு, மெல்லிசா, தூரத்துப் புள்ளி வரைக்கும் ஓடுற கோடு. அதை அழிக்காம அப்படியே குடுத்தேன், மாடல் அத்தனையையும் கரண்ட் கம்பியா மாத்திடுச்சு, மாடி ஜன்னலுக்குக் குறுக்கே ஏழெட்டுக் கம்பி, ஆயர் ஈத்தாம்ல கம்பி இருக்கிறது உண்மைதான், ஆனா ஜன்னலுக்குள்ள பூந்து வெளிய வராது. தாளோட மடிப்பு சுவத்துல விரிசலா வந்துச்சு. கையோட லேசான நடுக்கமும் அப்படியே வந்துடும், தூண் நெளிஞ்சு நிக்கும், ஏன்னா கோட்டு வழிகாட்டிக்கு இது நடுக்கம், இது வடிவம்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, கோடுன்னா கோடுதான். அதனால படம் திருத்துற GIMPல ஸ்கேன கீழ வச்சு மேல புதுசா நேர்கோடு இழுத்து வரைஞ்சேன். நேர்கோட்ட மட்டும் பிடிக்கிற MLSDய வச்சா இந்த வேலை மிச்சம்னு முதல்ல நினைச்சேன், அது தூணையும் கூரையையும் அருமையா நிமித்திடுச்சு, ஆனா அஞ்சடிக்கு மேல இருந்த வளைவ மொத்தமா விட்டுடுச்சு, வளைவு அதுக்குத் தெரியவே தெரியாது. அந்த வளைவுதான் அத்தைக்குப் பிடிச்சதே. அதனால `control_v11p_sd15_lineart`க்குத் திரும்பினேன்.

இங்க ஒரு சின்ன விஷயம் அரைநாள தின்னுடும். இந்த மாடலுக்குக் கறுப்புப் பின்னணியில வெள்ளைக் கோடு வேணும், நம்ம வரையுறது வெள்ளைத் தாளுல கறுப்புக் கோடு. படத்த மாடலுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி தயார் பண்ற முன்வேலை, அதாவது `Preprocessor` பட்டியல்ல `invert (from white bg & black line)` எடுத்தாத்தான் சரி. எடுக்கலன்னா எர்ரர் ஒண்ணும் வராது, படமும் வரும், ஆனா மங்கலா பனி மூடினாப்ல வெளுத்து ஏதோ ஒண்ணு வரும். இன்னொண்ணு, `Resize Mode`ல `Crop and Resize` இருந்து ஸ்கெட்ச்சோட நீள அகல விகிதமும் வெளிப்படத்தோட விகிதமும் ஒண்ணா இல்லன்னா சத்தமில்லாம ஓரத்த வெட்டிடும், என்னோட வலது தூண் அப்படித்தான் ஒரு தடவ காணாம போச்சு. எல்லா வழிகாட்டிப் படத்தையும் அதே 1536 x 1024லயே வச்சுக்கிட்டா இந்தத் தொல்லையே இல்ல.

சுத்துப்புறத்துக்கு நான் கோடு குடுக்கல, கலர் குடுத்தேன். `control_v11p_sd15_seg`னு ஒரு வழிகாட்டி இருக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கலர், வானம்னா இந்தக் கலர், ரோட்னா இந்தக் கலர்னு 150 வகை. ADE20Kங்கிற படத்தொகுப்புல உள்ள வகைகள் அது. என் போட்டோவ கீழ வச்சு மேல இந்தக் கலர்ல தட்டையா பூசினேன்:

```
sky        6 230 230
building   180 120 120
tree       4 200 3
road       140 140 140
sidewalk   235 255 7
mountain   143 255 140
car        0 102 200
```

ரெண்டு பக்கத்துக் கடைவீடு, முன்னாடி ரோட், அஞ்சடி ஓரம், பின்னாடி கொடிமலை, வலப்பக்கம் ஒரு அங்சானா மரம். மலைய மட்டும் மனசுல இருக்குற மாதிரி பூசக்கூடாது, போட்டோவுல உள்ள விளிம்ப அப்படியே தொடர்ந்து வரையணும், ஏன்னா கையால போட்டா எல்லாருமே மலைய ரெண்டு மடங்கு பெருசாத்தான் போடுவோம், நான் போட்டத போட்டோ மேல வச்சுப் பார்த்தப்ப அப்படித்தான் இருந்துச்சு.

பூசும்போது பிரஷ் வேண்டாம், பென்சில் கருவி. பிரஷ் விளிம்ப மென்மையாக்கும், வானத்துக்கும் மலைக்கும் நடுவுல ரெண்டும் கலந்த பத்துப் பதினஞ்சு புதுக் கலர் உண்டாகிடும், அந்த நடுக் கலர் வேற ஏதோ பொருளோட கலருக்குக் கிட்ட போய் நின்னுச்சுன்னா மலை விளிம்புல சம்பந்தமில்லாம ஒரு வேலி, ஒரு சுவர்னு முளைக்கும். JPEGலயும் சேமிக்கக் கூடாது, PNG மட்டும்தான். சுத்தமா இருக்கான்னு பார்க்க இது போதும்:

```python
from PIL import Image
im = Image.open("seg.png").convert("RGB")
for n, c in sorted(im.getcolors(2000000), reverse=True):
    print(n, c)
```

ஏழு கலர் பூசினா ஏழு வரிதான் வரணும். எனக்கு முதல் தடவ திரை முழுக்க ஓடுச்சு, அப்புறம்தான் பென்சிலுக்கு மாறினேன். இந்தப் படத்த உள்ள குடுக்கும்போது முன்வேலை `None`, ஏற்கனவே கலர் படமா இருக்குறத அது திரும்ப ஒரு தடவ அலசக் கூடாது.

இப்ப ரெண்டையும் ஒண்ணா ஓட்டுனா ஒரு சிக்கல். கோட்டுப் படத்துல கட்டடம் மட்டும் இருக்கு, மத்த இடமெல்லாம் வெறும் கறுப்பு. நமக்கு அது "இங்க நான் ஒண்ணும் சொல்லல", மாடலுக்கு அது "இங்க கோடே கிடையாது"ங்கிற கட்டளை. அதனால பக்கத்துக் கடைவீடு ரெண்டும் ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவரா வந்துச்சு, மரம் ஒரு பச்சை உருண்டை. கலர் வழிகாட்டியோட வெயிட்ட ஏத்திப் பார்த்தேன், ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. கடைசியில கோட்டு வழிகாட்டிய கட்டடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு நிறுத்தினேன், `Effective Region Mask`ல கட்டடம் இருக்குற இடம் மட்டும் வெள்ளை. அதுக்கப்புறம்தான் பக்கத்து வீடுகளுக்கு ஜன்னல், பழுப்பேறின சுண்ணாம்புச் சுவர், துணி காயிற கம்பு எல்லாம் தானா வர ஆரம்பிச்சுச்சு. மாஸ்க்க கட்டடத்த விட ஒரு எட்டுப் பத்து பிக்சல் அகலமா விடணும், கச்சிதமா வெட்டினா ஓரத்துல தையல் போட்ட மாதிரி கோடு தெரியும்.

கோட்டுக்கு வெயிட் 1.0, கடைசி வரைக்கும் பிடி. கலருக்கு 0.7, ஆனா `Ending Control Step` 0.6ல விட்டுடணும். முதல் பாதியில எது எங்கங்கிறது முடிவாகிடுது, அதுக்கப்புறமும் கலர் வழிகாட்டிய பிடிச்சுக்கிட்டே இருந்தா மர விளிம்பு கத்தரியால வெட்டின காகிதமாட்டம் இருக்கும், விட்டுட்டா இலை இலையா பிரியும். வார்த்தையில இவ்வளவுதான் குடுத்தேன்:

```
two-storey shophouse, street in Penang, Malaysia, lime plaster
walls, timber louvred shutters, terracotta tile roof, forested
hill behind, overcast daylight after rain, photograph
```

`forested hill` இல்லாம மலைக் கலர மட்டும் குடுத்தப்ப கொடிமலை இருக்கவேண்டிய இடத்துல சாம்பல் கலர் பாறைச் சிகரம் வந்து நின்னுச்சு. மலேசியான்னு எழுதலன்னா ரோட்டுக்குக் கல்லு பதிச்சுடுது. மழை பெஞ்ச பிறகு மேகமூட்டமான வெளிச்சம்னு கேட்டதுக்கும் ஒரு காரணம் இருக்கு, வெயில் அடிச்சா நிழல் விழும், கட்டடத்து நிழல் ஒரு பக்கமும் மரத்து நிழல் வேற பக்கமும் விழுந்தா அதைத் திருத்த வழியே இல்ல. மேகமூட்டத்துல எல்லா நிழலும் காலடியிலேயே அடங்கிடும்.

முதல் ரன் 768 x 512லதான் ஓட்டணும், 1.5 பழகினது 512 அளவுப் படத்துல, நேரா 1536ல ஓட்டினா மாடி மேல மாடியா கட்டிடுது. ஆனா சின்ன அளவுல ஒரு அடிக்கு 12 பிக்சல்தான், மூணடி ஜன்னல் 36 பிக்சல். மாடல் உள்ளுக்குள்ள வேலை பார்க்குறது எட்டுல ஒரு பங்கு சின்னப் படத்துல, அங்க அந்த ஜன்னல் நாலரைக் கட்டம். நாலரைக் கட்டத்துக்குள்ள ரெண்டு கதவும், கதவுல அத்தனை மரச்சட்டமும் எப்படி அடங்கும், சேறு மாதிரி குழம்பித்தான் வரும். ஒரு ரன்ல மாடியில மூணு ஜன்னல் ரெண்டரையா வந்துச்சு. அதனால இந்த அளவுல சட்டத்தையெல்லாம் பார்க்கக் கூடாது, கண்மட்டம், கூரை, தூண், ஜன்னல் எண்ணிக்கை இது நாலுதான் பார்க்கணும், அது சரியா வந்த சீட, அதாவது அந்த ரன் தொடங்குன எண்ண, பிடிச்சு வச்சுக்கணும். நான் இருபத்து நாலு படம் ஓட்டினதுல மூணுதான் தேறுச்சு.

தேறினத, ஒரு படத்தையே உள்ள குடுத்து அதுமேல திரும்ப வரைய வைக்கிற img2imgல 1536 x 1024க்கு ஏத்தினேன், எவ்வளவு மாத்தலாம்னு சொல்ற `Denoising strength` 0.4, கோட்டு வழிகாட்டி அப்படியே முழு அளவுல. 0.55 வச்சுப் பார்த்தேன், பக்கத்துக் கடைக்குப் புதுசா ஒரு பால்கனி முளைச்சுச்சு. 0.25ல மாத்தமே இல்ல, மங்கல் மங்கலாவே பெருசாச்சு. இந்த அளவுலயும் ஒரு மரச்சட்டம், ரெண்டு அங்குலம்னா, நாலு பிக்சல்தான், உள்ள அது அரைக் கட்டம், அதனால ஜன்னல தனித்தனியா எடுத்தேன். படத்துல ஒரு இடத்த மட்டும் திரும்ப வரையுற Inpaintல ஒரு ஜன்னல மட்டும் மாஸ்க் போட்டு `Only masked` வச்சா அந்தத் துண்ட மட்டும் பெருசாக்கி வரைஞ்சு திரும்ப சுருக்கி உள்ள வச்சிடும், அப்பதான் சட்டம் சட்டமா பிரிஞ்சு வந்துச்சு. மூணு ஜன்னலுக்கும் ஒரே சீடு, இல்லன்னா மூணும் மூணு தச்சர் செஞ்ச மாதிரி இருக்கும்.

கடைப் பலகை. தமிழ் எழுத்த இந்த மாடல் எழுதாது, சுழியும் கொக்கியுமா எழுத்து மாதிரி ஒண்ணு வரும். அதை inpaint பண்ணித் திருத்தலாம்னு யாரும் உக்காராதீங்க. பலகைய வெறும் பலகையா எடுத்துட்டு, GIMPல தமிழ் எழுத்துரு வச்சு கடைப் பேரை எழுதி, `Perspective` கருவியால பலகையோட நாலு மூலைக்கு இழுத்து, கலர கொஞ்சம் மங்க வச்சேன், பத்து நிமிஷ வேலை. பெரியப்பா அந்த இடத்தத்தான் ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் வளைவுகிட்ட கண்ணாடிய இறக்கிப் பார்த்துட்டு, "வளைவு தூண்ல உக்கார்ற இடத்துல நான் ஒரு சின்ன மேடை வச்சிருந்தேன், அது இல்லயே" அப்படின்னாரு. ஸ்கெட்ச்ச எடுத்துப் பார்த்தா இருக்கு, நான் நேர்கோடு போட்டு வரைஞ்சப்ப விட்டுட்டேன். கோட்டுப் படத்துல சேர்த்து அந்த இடத்த மட்டும் திரும்ப ஓட்டிக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு அத்தை வீட்டுக்குப் போய் டேப்லட்ட குடுத்தேன். விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாங்க, அஞ்சடியில மேசை போட இடம் இருக்கான்னு கேட்டாங்க, படத்த வச்சு அதைச் சொல்லக்கூடாது, பிளான்ல அளந்துதான் சொல்லணும்னு சொன்னேன். வெளிச்சம், கலர், கூரை உயரம் பார்க்க இந்தப் படம் சரி, ஒரு அங்குலத்த அளக்க இது உதவாது. அப்புறம் வலப்பக்கம் கைய வச்சாங்க.

"இந்த மரம் இப்ப இல்லயேய்யா. போன வருஷமே வெட்டிட்டாங்க."

ரெண்டாவது போட்டோவுல அந்த ஓரம் வரல, அதனால அந்தப் பக்கத்துக்கு மட்டும் என் போன்ல கிடந்த பழைய படத்தப் பார்த்துப் பூசியிருந்தேன். கலர் படத்துல மரத்த எடுத்துட்டு வானமும் பக்கத்து வீடும் பூசி, அதே சீடுல முழுசா ஓட்டிப் பார்த்தேன், ஆனா வழிகாட்டி ஒரு மூலையில மாறினாலும் படம் முழுக்க மாறுது, சுவர்க் கலர், வானம், பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாமே வேற. அத்தை பார்த்துப் பழகின படம் அது இல்ல. அதனால பழைய படத்துலயே மரம் இருந்த இடத்த மட்டும் மாஸ்க் போட்டு, நேத்து சாயங்காலம் திரும்ப அதே மாடிப்படியில ஏறி எடுத்த போட்டோவ வச்சு, அங்க நிஜமா இருக்குற சிங்க் கூரையையும் தண்ணித் தொட்டியையும் போட்டு அனுப்பினேன். அந்த மூலை முன்னய விட அழகு கம்மிதான். அத்தை திருப்பி ஒரு வரி அனுப்பினாங்க, "இதுதான் என் இடம்."